பெர்சோனாவுக்குத் தமிழில் என்ன சொல்? ‘வாங்குநர் உரு’ பொருந்துமா?

திருநெல்வேலி, சந்தைப்படுத்தல் ஆலோசகர்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துச் சிறு வணிகர்களுக்காக ஒரு சந்தைப்படுத்தல் கையேடு எழுதுகிறேன். பெர்சோனா என்பதற்கு நல்ல சொல் வேண்டும். வாங்கியவர்களிடம் நேரில் பேசி, அவர்கள் சொன்னவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றைத் தொகுத்து, ஓர் ஆளைப் போல எழுதி வைக்கும் ஒரு பக்க விவரணம் அது. அலன் கூப்பர் 1999இல் வெளியிட்ட நூல் மென்பொருள் வடிவமைப்பாளரிடையே இதைப் பரப்பியது. இன்று விளம்பரத் துறையிலும் புழங்குகிறது.

‘வாடிக்கையாளர் ஆளுமை’ என்றால் குணநலன் என்று படிப்பார்கள். ‘கற்பனை வாடிக்கையாளர்’ என்றால் மேசையில் இருந்தபடியே எழுதிவிடலாம் என்று பெயரே அனுமதி கொடுத்துவிடுகிறது. ‘வாங்குநர் உரு’ என்று வைக்கலாமா?

கொக்குவில், முகநூல் விளம்பரம் செய்பவர்

அக்கா, இதற்குப் புதுச் சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். உயர்தர வணிகக் கல்வியிலேயே ‘சந்தைத் துண்டம்’ படித்திருக்கிறோம். ரொறன்ரோவில் வாழும் 30 முதல் 45 வயதுப் பெண்கள், தமிழ்ச் சமையலில் ஆர்வமுள்ளவர்கள் என்று முகநூலில் தெரிவு செய்கிறேன். அதற்கு ஒரு பெயரும் படமும் வைத்தால் நீங்கள் சொல்லும் உரு வந்துவிடும். நேர்காணல் இருந்தால் நல்லதுதான், ஆனால் வயதும் இடமும் தெரியாமல் விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது?

திருநெல்வேலி, சந்தைப்படுத்தல் ஆலோசகர்

தம்பி, விளம்பரத்தைக் காட்ட வயதும் இடமும் வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த விளம்பரத்தில் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் துண்டம் சொல்லாது. நான் கூட இருந்து பார்த்த ஒரு வணிகத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

வறுத்த கறித்தூள் செய்யும் குடும்பம். அவர்கள் எழுதி வைத்திருந்த ஆள் உங்கள் ஆள்தான்: ரொறன்ரோவில் வேலைக்குப் போகும் தாய், ஊர் நினைவில் ஏங்குபவர். அம்மாவின் கைமணம் என்று கனடாவை நோக்கி முகநூல் விளம்பரம் போனது. விருப்பக்குறிகள் வந்தன. கட்டளைகள் வரவில்லை.

பிறகு கட்டளைப் புத்தகத்திலிருந்து, கடைசி மூன்று மாதத்தில் வாங்கிய பன்னிரண்டு பேரிடம் பேசினோம். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போன சிலரிடமும் பேசினோம். கேள்வி ஒன்றுதான்: கடைசியாக வாங்கிய நாளை முதலிலிருந்து சொல்லுங்கள். தூள் பிடித்திருக்கிறதா என்று கேட்கவே இல்லை. உரிமையாளரையும் அழைத்துப் போகவில்லை. அவர் முகத்துக்கு நேரே நம்மவர்கள் நல்லது என்று மட்டுமே சொல்வார்கள்.

காசு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இங்கேயே இருக்கும் தாய்மார், பெரியம்மாமார். தங்கள் வீட்டுக்கு அவர்கள் இந்தத் தூளை வாங்குவதில்லை; மிளகாயும் மல்லியும் காயவைத்து, வறுத்து, மில்லில் அரைப்பிப்பவர்கள். ஊருக்கு வந்த யாரோ திடீரென்று கனடாவுக்குத் திரும்புகிறார், மகனுக்குத் தூள் கொடுத்துவிட வேண்டும், ஆனால் காயவைக்க நேரமில்லை அல்லது கார்த்திகை மழை விடவில்லை. அந்த நாளில்தான் கடைத்தூளை வாங்குகிறார்கள். வாங்காமல் போனவர்கள் சொன்ன தடையும் சுவையைப் பற்றியது அல்ல. பொதி உடைந்தால் கொண்டுபோகிறவரின் பயணப்பெட்டி முழுக்கத் தூளும் மணமும் ஆகிவிடும், பிறகு அந்த வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

இதை வைத்து முடிவுகள் மாறின. கனடாவுக்கான விளம்பரக் காசில் பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. விமானச் சீட்டு விற்கும் முகவர் நிலையங்களிலும் அரைக்கும் மில்களிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். வாசகம் கைமணத்திலிருந்து பொதிக்கு மாறியது: இரட்டை உறை, ஒரு கிலோ, வறுத்த திகதி மேலேயே. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் திரும்பும் கிழமைகளிலும், ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழைக்காலத்திலும் செலவைக் கூட்டினார்கள். வயதை வைத்துப் பிரித்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றும் கிடைத்திருக்காது.

கோண்டாவில், ஓய்வுபெற்ற வணிகக் கல்வி ஆசிரியர்

இந்த விவரத்தைப் படித்த பின் எனக்கு ‘சாயல்’ என்ற சொல் தோன்றுகிறது. பிள்ளையில் தகப்பன் சாயல் என்கிறோம். மூலம் ஒன்று இல்லாமல் சாயல் இருக்க முடியாது. ‘உரு’ அப்படியல்ல, எதையும் உருவாக்கிவிடலாம். நேர்காணல் இல்லாமல் எழுதக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சொல்லே சுமக்க வேண்டுமானால், ‘வாங்குநர் சாயல்’ பொருத்தம்.

மானிப்பாய், தனியார் கல்வி நிலையம் நடத்துபவர்

வணக்கம். நானும் இதைச் செய்திருக்கிறேன். எங்கள் மாணவர்களுக்கு இருநூறு படிவம் கொடுத்தேன். ஆங்கில வகுப்பு தொடங்கினால் சேர்வீர்களா என்பது கேள்வி. பெரும்பாலானோர் ஆம் என்றார்கள். தொடங்கியபோது ஒரு வாங்கு கூட நிறையவில்லை. பன்னிரண்டு பேரை நம்பி நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்? என் படிவத்தை அனுப்பினால் அதிலிருந்து ஓர் உரு செய்து தர முடியுமா?

திருநெல்வேலி, சந்தைப்படுத்தல் ஆலோசகர்

ஐயா, அந்தப் படிவத்திலிருந்து உரு வராது. ‘சேர்வீர்களா’ என்பதற்கு ஆம் என்று சொல்ல எதையும் இழக்க வேண்டியதில்லை. வேறு இடத்தில் ஏற்கெனவே ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டிய சில பெற்றோரிடம் பேசுங்கள். எந்த நாளில் தேடத் தொடங்கினார்கள், எதைப் பார்த்துப் பயந்தார்கள், வீட்டில் யார் சம்மதிக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். மாணவர் படிக்கிறார், ஆனால் காசு கட்டுபவர் வேறு.

பன்னிரண்டு பேர் போதுமா என்பது நியாயமான கேள்வி. எத்தனை வகைக் காரணங்கள் உள்ளன என்று அறியப் போதும். கடைசியாகப் பேசிய சிலர் புதிய காரணம் எதையும் சொல்லவில்லை என்பதால் நிறுத்தினோம். எந்த வகையினர் எவ்வளவு பேர் என்பதை அது சொல்லாது. அதற்காகக் கட்டளை எடுக்கும்போது ‘யாருக்கு, எப்போது பயணம்’ என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள்.

இன்னொன்று. உருவில் உள்ள ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் எந்த நேர்காணலில் வந்தது என்று எண் போடுங்கள். எண் போட முடியாத வரி ஊகம், வெட்டிவிடுங்கள். எங்கள் முதல் வரைவில் ‘கோவிலுக்கு ஒழுங்காகப் போபவர்’ என்று ஒரு வரி இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கொக்குவில், முகநூல் விளம்பரம் செய்பவர்

வாசகமும் காலமும் நேர்காணலிலிருந்து வருகின்றன என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் ஐயாவின் ‘சாயல்’ எங்கள் வேலையில் குழப்பும். இருக்கும் வாடிக்கையாளரின் பட்டியலைக் கொடுத்தால், அவர்களைப் போன்ற வேறு ஆட்களை முகநூல் தானாகத் தேடித் தரும் வசதி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாங்கள் ‘சாயல் குழு’ என்கிறோம். ஒரே கூட்டத்தில் இரண்டும் பேசப்படும்.

சுன்னாகம், மொழிபெயர்ப்பாளர்

அப்படியானால் ‘உரு’ இருக்கட்டும். ஆசிரியர் கேட்ட கட்டுப்பாட்டை எதிர்ச்சொல்லால் கொண்டுவரலாம்: நேர்காணல் இல்லாமல் எழுதியதை ‘ஊக உரு’ என்று வெளிப்படையாக அழைப்போம். வேலை தொடங்கும்போது எல்லோரிடமும் ஊக உரு இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை, பெயர் சொல்லி வைத்தால் போதும்.

எனக்குத் தடை ‘வாங்குநர்’ என்பதில்தான். தூளை வாங்குபவர் தாய், உண்பவர் மகன், கொண்டுபோகிறவர் மூன்றாம் ஆள். விளம்பரம் தாய்க்கு, இரட்டை உறையோ கொண்டுபோகிறவருக்கு. மூவருக்கும் தனித்தனி உரு எழுதுவதானால் பொதுப்பெயர் ‘ஆளுரு’ என்று இருக்க வேண்டாமா?

கோண்டாவில், ஓய்வுபெற்ற வணிகக் கல்வி ஆசிரியர்

‘ஊக உரு’ நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். ‘ஆளுரு’ எனக்குச் சிலையை நினைவூட்டுகிறது. சாயலை இன்னும் விட மனமில்லை.

திருநெல்வேலி, சந்தைப்படுத்தல் ஆலோசகர்

கொண்டுபோகிறவரிடம் நாங்கள் பேசவே இல்லை. அவரைப் பற்றி எழுதியது முழுக்கத் தாய்மார் சொன்னது, ஆகவே இப்போதைக்கு அது ஊக உருதான். கையேட்டில் ‘வாங்குநர் உரு’, ‘ஊக உரு’ இரண்டையும் பயன்படுத்துகிறேன். பொதுப்பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் யாரேனும் நல்ல சொல் தந்தால் சேர்க்கலாம்.