சந்தேகம்: ஸ்கேலில் சரியாக வரும் சோதனை ரப்பர் பேண்டில் ஏன் பொய்த்துப்போகிறது?

கரும்பலகை:
வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் நடத்துகிறேன். அதிர்வெண் கூடினால் சுருதி கூடும், வீச்சு கூடினால் உரப்பு கூடும் என்பதைக் காட்ட 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலையும் ஒரு ரப்பர் பேண்டையும் எடுத்துச் சென்றேன். ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் குறைக்கக் குறைக்கச் சுருதி ஏறியதை எல்லோரும் கேட்டார்கள். ஆனால் ரப்பர் பேண்டை இரு விரல்களுக்கு இடையே மாட்டி, இழுத்து இழுத்து மீட்டியபோது சுருதி ஏறவே இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. அதோடு, ஸ்கேலை அதிகம் வளைத்து விட்டால் ஓசையே மாறிவிடுகிறது, ஆகவே வீச்சு சுருதியையும் மாற்றுகிறது என்று ஒரு மாணவி வாதிட்டாள். இரண்டுக்கும் என்ன விடை சொல்வது?

மீட்டுவிரல்:
நான் வீணை வாசிப்பவன். பிரடையை முறுக்கினால் தந்தி இறுகும், சுருதி ஏறும். இதில் விதிவிலக்கே கிடையாது. நீங்கள் போதுமான அளவு இழுத்திருக்க மாட்டீர்கள், அல்லது பழைய ரப்பராக இருக்கும். புதிதாக ஒன்றை எடுத்து இன்னும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரர்:
வீணைத் தந்திக்கு மீட்டுவிரல் ஐயா சொல்வது முற்றிலும் சரி, ரப்பருக்கு அது பாதிதான் பொருந்தும். பிரடையை முறுக்கும்போது உலோகத் தந்தி மிகச் சிறிதளவே நீளுகிறது. மேருவுக்கும் குதிரைக்கும் இடையே அதிரும் நீளம் மாறுவதில்லை, தந்தி மெலிவதும் கணக்கில் கொள்ளத் தக்கதல்ல, இழுவிசை மட்டுமே கூடுகிறது. ரப்பரை விரல்களுக்கு இடையே விரிக்கும்போது இழுவிசை கூடுவதோடு அதிரும் நீளமும் கூடிவிடுகிறது. முன்னது சுருதியை ஏற்றுகிறது, பின்னது இறக்குகிறது. ரப்பர் மெலிவதால் சிறிது ஏற்றம் கிடைத்தாலும், நீளம் இறக்குவதை அதனால் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். தளர்ந்த நிலையில் 6 செ.மீ. இருக்கும் பேண்டை 12 செ.மீ. வரை இழுத்து மீட்டுகிறீர்கள், பிறகு 18 செ.மீ. வரை இழுத்து மீட்டுகிறீர்கள். எவ்வளவு நீள்கிறதோ அந்த விகிதத்தில் இழுவிசை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இழுவிசை இருமடங்காகிறது. ஆனால் அதிர்வெண் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் கூடும். ஸ்வரக் கணக்கில் ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்தைச் சற்றே தாண்டுவது போன்றது இது. சந்தடி மிகுந்த வகுப்பறையில், நொடிப்பொழுதில் மங்கிவிடும் ஓசையில், இதைப் பிள்ளைகள் கேட்கவில்லை என்றால் அவர்கள் காதில் குறையில்லை. மேலும் நடைமுறையில் ரப்பர் நடுப்பகுதியில் இளகிக் கொடுக்கும், முழுவதும் நீண்டபின்தான் விறைக்கும். ஆகவே இடையில் சுருதி அசையாமல் நிற்பதும் உண்டு.

தீர்வு, அதிரும் நீளத்தைக் கட்டிப்போடுவதுதான். பேண்டை ஓரிடத்தில் வெட்டி நாடாவாக்குங்கள். அது தளர்ந்திருக்கும்போதே 1 செ.மீ. இடைவெளியில் பேனாவால் சில புள்ளிகள் வையுங்கள். மரப்பலகையில் 10 செ.மீ. தள்ளித் தள்ளி இரு பென்சில்களை ஒட்டி, நாடாவின் ஒரு முனையை டிராயிங் பின்னால் குத்திவிட்டு, மறுமுனையைப் பென்சில்களின் மேலாகக் கொண்டுபோய் இழுங்கள். புள்ளிகளுக்கு இடையே 2 செ.மீ. ஆகும்போது ஒருமுறையும், 3 செ.மீ. ஆகும்போது ஒருமுறையும் பென்சில்களுக்கு நடுவே மட்டும் மீட்டுங்கள். இப்போது அதே கணக்கின்படி அதிர்வெண் 1.7 மடங்குக்குச் சற்று மேலே போகும், அதாவது பஞ்சமத்தையும் தாண்டித் தைவதத்தை எட்டிவிடும். ரப்பர் பென்சிலில் ஒட்டிக்கொண்டு நடுப்பகுதிக்கு இழுப்பு போய்ச் சேராமல் இருக்கும். மீட்டுவதற்கு முன் நாடாவை ஒருமுறை சற்றே தூக்கி விடுங்கள்.

குட்டிவீடு:
மன்னிக்கவும், கேள்வி வேறு என்றாலும் இங்கேயே கேட்கிறேன். என் மகன் அறிவியல் கண்காட்சிக்காக ஸ்வீட் பாக்ஸின் மேல் தடித்தது, நடுத்தரம், மெல்லியது என மூன்று ரப்பர் பேண்டுகளை மாட்டினான். தடித்ததில் கட்டைச் சுருதி வரும் என்று அட்டையில் எழுதியும் வைத்துவிட்டான். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் பேசுகின்றன. பாக்ஸைத்தான் மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரர்:
பாக்ஸ் உரப்பைத்தான் கூட்டிக் கொடுக்கிறது. தளர்ந்த நீளம் ஒன்றாகவும் ரப்பர் ஒரே தரமாகவும் இருந்தால், இருமடங்கு தடித்த பேண்டுக்கு எடையும் இருமடங்கு, அதே அளவு நீட்டத் தேவைப்படும் இழுவிசையும் இருமடங்கு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் சுருதி மாறாது. தம்பி அட்டையை மாற்றி எழுதட்டும். வேறு சுருதிதான் வேண்டும் என்றால், பேண்டின் அடியில் ஒரு பென்சிலை நுழைத்து அதிரும் நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த மாணவியின் வாதம். ஸ்கேல் 20 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்போது, 1 மி.மீ. தடிமனுள்ள எஃகு நொடிக்குச் சுமார் 20 முறைதான் அதிரும்; அது காதுக்கு எட்டும் எல்லையின் விளிம்பு. அப்போது கேட்கும் படபடப்பு, ஸ்கேல் மேசை விளிம்பில் மோதுவதால் வருகிறது. அதிகம் வளைத்தால் மோதலும் அதிகமாகும், ஓசையின் தன்மையும் மாறும். அவள் கேட்டது உண்மை, ஆனால் அது ஸ்கேலின் சுருதி அல்ல. நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும் என்பதால், 10 செ.மீ.யில் சுமார் 80 ஹெர்ட்ஸும் 7 செ.மீ.யில் 160 ஹெர்ட்ஸுக்கு மேலும் கிடைக்கும். எனவே உரப்புச் சோதனையை 7 செ.மீ.யில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்காமல், விளிம்போடு விளிம்பாக ஒரு மரக்கட்டையை வைத்து ஸ்கேலை இறுக்கி, நுனியை முதலில் அரை செ.மீ., பிறகு 1 செ.மீ. அழுத்தி விடுங்கள். உரப்பு மட்டும் கூடும்.

ஓர் எச்சரிக்கை. நீளமான ஸ்கேல் 3 செ.மீ. ஆடியும் ஓசை எழாமல், குட்டையான ஸ்கேல் அரை செ.மீ. ஆடியே சத்தமாகக் கேட்பதைப் பிள்ளைகள் சுட்டிக்காட்டுவார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் நம் காதும் மந்தம், அந்த மெல்லிய பட்டை காற்றை அசைக்கும் திறனும் குறைவு. ஒரே நீளத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வீச்சைப் பற்றிப் பேச முடியும்.

மீட்டுவிரல்:
தடிமன் பற்றிச் சொன்னது புதிது. வீணையில் மந்தரத் தந்தி தடிமன்தானே என்று உடனே மனம் எதிர்க்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக முறுக்குகிறோம். எல்லாவற்றையும் ஒரே அளவு நீட்டுவதில்லை.

கரும்பலகை:
பலகையில் செய்து பார்த்தேன். நீளத்தைக் கட்டிவைத்ததும் சுருதி தெளிவாக ஏறியது, ஸ்கேல் சோதனையும் 7 செ.மீ.யில் குழப்பமின்றி முடிந்தது. ஆனால் நாடாவைத் தளர்வாக வைத்துப் பலமாகச் சுண்டினால், ஓசை முதலில் உயர்ந்த சுருதியில் தொடங்கிச் சரிவதுபோல் கேட்கிறது. அந்த மாணவி இப்போது இதைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டறைக்காரர்:
இந்த இடத்தில் அவள் பக்கம் நியாயம் உண்டு. பெரிய வீச்சில் நாடா வளைந்து கூடுதலாக நீள்வதால் இழுவிசை கணநேரம் ஏறுகிறது. ஆட்டம் அடங்கும்போது அது இறங்குகிறது. நன்கு இறுக்கி, மெதுவாக மீட்டினால் சரிவு மறைந்துவிடும். எட்டாம் வகுப்பில் இதை எவ்வளவு தூரம் சொல்வது என்பது எனக்குப் பிடிபடவில்லை. phyphox செயலியில் Audio Autocorrelation என்ற சோதனை அதிர்வெண்ணை எண்ணாகவே காட்டும். தளர்ந்த நாடாவின் ஓசை சீக்கிரம் அடங்குவதால் அது எண்ணைப் பிடிக்குமா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.