புதுப்பிப்பு: மேசைக் கட்டையும் கப்பியும்

முன்பு கேட்டது: "தங்கச்சியின் செக் 3 கணக்கு, படம் இருக்கு. மேசைமேல் 400 கிராம் கட்டை, கப்பி வழியாகத் தொங்குவது 100 கிராம். முடுக்கம் எவ்வளவு?"

ஒரு அண்ணன் 2.5 என்றார். தொங்கும் எடை 1 நியூட்டன் என்பது சரி, ஆனால் அதை 0.4 கிலோவால் மட்டும் வகுத்துவிட்டார். ஓர் அக்கா தெளிவாக்கினார்: அந்த 1 நியூட்டன் இரண்டையும் சேர்த்து நகர்த்துகிறது, ஆகவே 1 ÷ 0.5 = 2 மீ/வி². தொங்குவதும் முடுக்கத்தோடு இறங்குவதால் கயிற்றின் இழுவிசை 0.8 நியூட்டன்தான். அருமையான விளக்கம்!

ஜேசியில் படிக்கும் மகனுக்காக புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.81 போட்டவருக்கு 1.96 வந்தது. தங்கச்சிக்கு 10 போதும்.

மேசை வழவழப்பானதா என்று படத்தில் இல்லை. 0.2 நியூட்டன் உராய்வு இருந்தாலே விடை 1.6 ஆகிவிடும். ஆசிரியரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.