புதுப்பிப்பு: மணலி ஆலைக்கு ரகசியமாகத் தலைவர் தேடியது

அன்று கேட்டது: "இப்போதைய ஆலைத் தலைவருக்குத் தெரியாமல் ஆள் தேடுகிறோம், வந்தவர்களில் ஒருத்தர் காட்டிய சாதனை ஸ்லைடு பிரமாதம், எப்படி நம்புவது?"

எல்லாருக்கும் நன்றி. பலன் தந்தது ராயபுரம் அண்ணன் சொன்னதுதான்: ஸ்லைடை மூடிவிட்டு, ஒரே சாதனையை மாதவாரியாக, யார் கையெழுத்து என்றுவரை கேட்பது. "பழுது நேரத்தைப் பாதியாக்கினேன்" என்றவர், அதற்குக் காரணமான புது பாய்லர், அவர் வேலையில் சேரும் முன்பே ஆர்டர் ஆனதை 20 நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

விசாரிக்கச் சொன்ன தம்பி பாதி சரி. ஸ்லைடு காட்டியவரின் இப்போதைய ஆபீஸில் கேட்டால் அவர் வேலைக்கே உலை. அவர் சம்மதத்தோடு பழைய கம்பெனி ஷிப்ட் இன்சார்ஜிடம் பேசினோம். எதிர்பாராதது: வால்வு கசிந்த இரவில் மேலிடத்தை மீறி ஆலையை நிறுத்தியவர் இவர்தானாம், அது ஸ்லைடில் இல்லவே இல்லை!

இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் ஆலை கேட்டுக்கு எதிர் டீக்கடையில் "புது சார் வர்றாராமே?" என்கிறார்கள், யார் உளறியதோ.