வளவளன்னு போகும் வரைவைச் சுருக்குவது: எழுதினவர் குரல் போகாமல் எப்படி?

கேட்டவர்: இட்லி மாவு பற்றித் தோழி எழுதிய பதிவைச் சுருக்கித் தரச் சொன்னார். வெட்ட வெட்ட அது அவர் பேச்சாகவே இல்லை. எங்கே தப்பு? ஒரு பத்தி இதோ:

"நான் என்ன சொல்ல வர்றேன்னா, மழைக்காலத்துல மாவு சீக்கிரம் புளிக்காது. அதாவது, பொங்குறதுக்கு நேரம் எடுக்கும். குளிர்ல மாவு பொங்கவே பொங்காதுன்னு வெச்சுக்கோங்களேன். அதனாலதான் எங்கம்மா பாத்திரத்தை அரிசி மூட்டை மேல வெச்சு கோணி போத்தி விடுவாங்க."

வேகக்காரர்: ரொம்ப சுலபம். 'அதாவது', 'தான்', 'வெச்சுக்கோங்களேன்' எல்லாத்தையும் தேடி அழிச்சிடுங்க.

பழைய மெய்ப்புக்காரர்: 'அதாவது'வைத் தேடுவது நல்ல யோசனை, ஆனால் அழிப்பதற்காக இல்லை. அது வரும் இடத்தில் பெரும்பாலும் முன்வாக்கியமும் பின்வாக்கியமும் ஒன்றையே சொல்லும். சொல்லை மட்டும் எடுத்தால் இரட்டிப்பு அப்படியே கிடக்கும். 'தான்' வேறு சங்கதி. "அம்மாதான் அரைப்பாங்க" என்பதில் அதை எடுத்தால் வேறு யாரும் அரைக்க மாட்டார்கள் என்ற பொருளே போய்விடும்.

சொல்லில் கை வைக்கும் முன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது சொல்லும் செய்தியைச் சுருக்கமாகக் குறியுங்கள். இங்கே முதல் மூன்றுக்கும் 'குளிரில் மாவு பொங்க நேரமாகும்' என்றே வரும். மூன்றில் ஒன்று போதும். தெளிவானது எது என்று பார்த்தால் முதலாவதை வைப்பீர்கள், அங்கேதான் குரல் போகிறது. வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றும் வாக்கியத்தை வையுங்கள். 'பொங்கவே பொங்காது' கூறியது கூறல் இல்லை, அழுத்தம். வெட்டும் வாக்கியங்களில் இருக்கும் புதுத் தகவலை மட்டும் காப்பாற்றுங்கள். இங்கே அது 'மழைக்காலம்':

"மழைக்காலக் குளிர்ல மாவு பொங்கவே பொங்காதுன்னு வெச்சுக்கோங்களேன். அதனாலதான் எங்கம்மா பாத்திரத்தை அரிசி மூட்டை மேல வெச்சு கோணி போத்தி விடுவாங்க."

27 சொல் 16 ஆச்சு. கோணியைத் தொடவே இல்லை, பாருங்கள்.

இன்னொருவர்: நான் அலுவலக அறிக்கை எழுதுறேன். 'என்பது குறிப்பிடத்தக்கது', 'செய்யப்பட்டு வருகிறது' இதெல்லாம் நிறைய வருது. அதுவும் குரலா?

பழைய மெய்ப்புக்காரர்: இல்லை, அது யார் எழுதினாலும் வரும் வாசகம். 'செய்கிறார்கள்' என்று யார் செய்வதென்று சேர்த்து எழுதினால் பாதி சரியாகிவிடும். ஆனால் தோழியின் பதிவு அந்த வகை இல்லை.

கேட்டவர்: வேறொரு பத்தியில் வெட்டினேன். இப்போது "இதுக்காகவே" என்று ஒரு வாக்கியம் ஆரம்பிக்குது, எதுக்காகன்னு புரியலை.

பழைய மெய்ப்புக்காரர்: அடிக்கடி நடப்பதுதான். 'இது', 'அதனால', 'அப்படி' சுட்டிய வாக்கியம் வெட்டில் போயிருக்கும். வெட்டிய இடத்துக்கு இரண்டு வாக்கியம் முன்னாலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப் போவதில் நாக்கு தடுக்கும்.

வேகக்காரர்: அந்த 'நான் என்ன சொல்ல வர்றேன்னா'வும் அவங்க குரல்தானே? அதை ஏன் எடுத்தீங்க?

பழைய மெய்ப்புக்காரர்: பதிவு முழுக்க எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். ஒரே ஒரு தடவைன்னா வைக்கலாம். பத்திக்குப் பத்தி வந்தால் ஒன்றை விட்டு மீதியை எடுப்பேன்.

கேட்டவர்: ஐந்து தடவை வருது. எதை வைக்கிறதுன்னு அவரையே கேட்கிறேன்.