புதுப்பிப்பு: நின்று நின்று ஓடிய கிரைண்டர்

நான் கேட்டிருந்தது: "4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் வெட்டும்போதே நின்றுவிடுகிறது, அசைத்தால் ஓடுகிறது. கார்பனா, ஸ்விட்சா?"

இரண்டும் இல்லை, வயர். கார்பன்தான் என்று சொன்ன அண்ணன் பாதி சரி. தேய்ந்து 6 மி.மீ.தான் மிச்சம், ஜோடியாக மாற்றினேன். தீப்பொறி குறைந்தது, நிற்பது நிற்கவில்லை. மிக்சி ஓவர்லோடு பட்டன் பற்றி எழுதியவருக்கு நன்றி, இதில் அந்தப் பட்டனே கிடையாது.

அப்புறம் திருமங்கலம் பட்டறைக்காரர் சொன்னபடி பிளக்கை உருவிவிட்டு, பின்மூடியைத் திறந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனை பிளக் பின்னில், மறுமுனை உள்ளே அதே வயர் முடியும் இடத்தில். கைப்பிடி ரப்பர் ஸ்லீவுக்குள் வயரை மடக்கியதும் பீப் விட்டு விட்டு வந்தது. இரண்டு பின்னுக்கும் நடுவே அளந்திருந்தால் ஸ்விட்ச், கார்பன், காயில் எல்லாம் ஒரே வழியில் வந்து குழப்பியிருக்கும்.

வெளித்தோல் புதுசு போல இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. 15 செ.மீ. வெட்டிவிட்டு, ஸ்லீவில் நுழைத்து, கிளாம்ப் வெளித்தோலைப் பிடிக்கும்படி முறுக்கினேன். வயரைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் நம்ம பையனுடையது!

ஸ்விட்ச் 20 தடவையும் சரியாகவே பீப் அடித்தது. ஆனால் லோடில் எப்படியோ, கொஞ்சம் சூடாகிற மாதிரி இருக்கிறது. பார்க்கிறேன்.