ஏழு தடவை கழுவினால் மஞ்சள் பால் போய்விடுமா?

மாடித்தோட்டம்: கற்றாழை மடலைத் தோலோடு துண்டு போட்டு, ஏழு தடவை கழுவி, மிக்சியில் அடித்துக் குடிக்கிறேன். கழுவினால் மஞ்சள் பால் போய்விடும். முகத்தில் பூசலாம், குடிக்கக் கூடாதா? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பச்சைமடல்: தோலோடு என்று நீங்களே எழுதிவிட்டு, கழுவியதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். மஞ்சள் பால் இருப்பது பச்சைத் தோலை ஒட்டி உள்பக்கமாக. வெட்டிய வாயில் வடிவது மட்டும்தான் தண்ணீரில் போகும். மீதி தோலோடு மிக்சிக்குள் போய் நசுங்கிச் சாற்றில் கலக்கும். ஏழு தடவை கழுவியது துண்டின் வெளிப்புறத்தைத்தான்.

மாடித்தோட்டம்: ஏழாவது தண்ணீர் தெளிவாக வந்தது. கண்ணால் பார்த்தேன்.

பச்சைமடல்: தண்ணீர் தெளிவாகத்தான் வரும். சாற்றை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மடலின் நடுவில் இருக்கும் சுத்தமான சோற்றுக்குப் பெரிதாக ருசியே கிடையாது. கசந்தால் பால் உள்ளே இருக்கிறது.

கசப்பன்: கசப்புதானே மருந்து? அந்தப் பாலைக் காய வைத்ததுதான் மூசாம்பரம். பேதிக்கு அந்தக் காலத்திலிருந்தே கொடுத்தார்கள். ஒன்றும் தெரியாமல் கொடுத்தார்களா?

பச்சைமடல்: பேதிக்குக் கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். தினமும் காலையில் ஜூஸாகக் குடிக்கவா கொடுத்தார்கள்? அதிலிருக்கும் அலோயின் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதை மாற்றும். பிறகு குடல் முறுக்கும், தண்ணீரை உறிஞ்சாது. அமெரிக்காவில் 2002-ல் கற்றாழைப் பேதி மருந்துகளைக் கடையில் நேரடியாக விற்பதை நிறுத்தியதே, பாதுகாப்பானது என்று காட்டும் தரவை யாரும் கொடுக்காததால்தான்.

ராத்திரிவாசகி: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவு 9 மணிக்கு அரை டம்ளர் குடித்தேன். விடியற்காலை 4 மணிக்கு வயிறு முறுக்கியது, நாலு தடவை போனேன். நச்சு வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். முகத்துக்கும் பூசினேன், அரித்தது. இரண்டும் ஒரே ஒவ்வாமையா?

பச்சைமடல்: முதலாவது ஒவ்வாமையாகத் தெரியவில்லை. பால் வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும், உங்கள் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. வெளியேறியது நச்சு இல்லை, தண்ணீரும் பொட்டாசியமும். நீர் பிரியும் மாத்திரையோ இதய மருந்தான டிகாக்சினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டவே வேண்டாம். முகத்தில் அரித்ததும் பாலால் இருக்கலாம், சோறே ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். அடுத்த தடவை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

கசப்பன்: எழுத்தைத் திருத்துவதைவிட டாக்டர் வேலை உமக்கு நன்றாக வருகிறது. போன தடவை என் பதிவில் 'கத்தாழை' தப்பு, 'கற்றாழை' என்று நாலு பேர் முன்னால் சொன்னீர். மறக்கவில்லை.

பச்சைமடல்: நீங்கள் பேச்சு வழக்கை எழுத்தில் போட்டால் சொல்லத்தான் செய்வேன். சரி, விஷயத்துக்கு வாருங்கள். குடித்தே ஆக வேண்டும் என்றால், மடலை அடியில் வெட்டி, வெட்டு வாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வையுங்கள். மஞ்சளாக வடியும். முள் ஓரங்களைச் சீவுங்கள். பச்சைத் தோலை மெல்லியதாக இல்லாமல், சோற்றோடு சேர்த்துத் தடிமனாக வெட்டி எறியுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். நடுவில் கண்ணாடி மாதிரி நிற்பதை மட்டும் எடுத்து, அப்புறம் கழுவுங்கள். ஓரத்தில் பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் அதையும் சீவுங்கள்.

மாடித்தோட்டம்: பாருங்கள், கடைசியில் கழுவச் சொல்கிறார்! நானும் அதைத்தானே சொன்னேன்?

பச்சைமடல்: தோலை எடுத்த பிறகு.

சும்மாவந்தவன்: அப்போ பாட்டில் ஜூஸும் விஷமா? எலிக்குப் புற்றுநோய் வந்ததாமே?

பச்சைமடல்: அந்த எலிகளுக்கு 2 வருடம் கொடுத்தது நிறம் நீக்காத முழு மடல் சாறு. பெருங்குடலில் கட்டி வந்தது. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு மடல் சாற்றை 2B வகையில், அதாவது மனிதருக்கும் வரலாம் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. கரி வடிகட்டியில் அலோயினை நீக்கிய சாறு வேறு. லேபிளில் அலோயின் அளவு 10 பிபிஎம்முக்குக் கீழே என்று இருக்கிறதா பாருங்கள். பூசுவதற்கு விற்கும் ஜெல்லைக் குடித்துவிடாதீர்கள், அதில் வாசனையும் பதப்படுத்தியும் இருக்கும். மலச்சிக்கல்தான் பிரச்சினை என்றால் நார்ச்சத்தும் தண்ணீரும் போதுமா பாருங்கள், அல்லது இசப்கோல். இதற்குக் கற்றாழையே தேவையில்லை.

கசப்பன்: எலிக்கு வந்தது எலிக்கு. நான் இருபது வருடமாகக் குடிக்கிறேன்.

பச்சைமடல்: எலியும் குடிக்கும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கசப்பன்: என்னை எலி என்கிறீரா? எல்லோரும் பாருங்கள், இதுதான் இவர் மரியாதை.

மாடித்தோட்டம்: நீங்கள் இருவரும் பிறகு சண்டை போடுங்கள். துண்டைச் சின்னதாக வெட்டினால் ஏழு தடவை போதுமா, இல்லை பத்தா?

பச்சைமடல்: தோலை எடுத்தீர்களா?

மாடித்தோட்டம்: தோலில்தான் சத்து.