அப்பாவின் பயோடேட்டா, நாளைக் காலை 10 மணிக்குள்

கார்த்தி, இரவு 9:12
(படம்: கோடு போட்ட முழுத்தாள், நீல மை)
அப்பா இதை எழுதி வைத்துவிட்டு இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலை. நாளைக் காலை 10 மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பெயர், முகவரி, தாத்தா பெயர் எல்லாம் அரைப் பக்கத்துக்கு இருக்கின்றன. வேலையைப் பற்றி ஒரே வரி: "மில் அனுபவம் நிறைய உண்டு, எல்லா வேலையும் தெரியும்."

அத்தை, 9:15
பயோடேட்டாவா? சொல்லவே இல்லையே கண்ணு! ராசி, நட்சத்திரம் எழுதினாயா? போட்டோ முழு உருவமாக இருக்கட்டும்.

கார்த்தி, 9:16
அத்தை, இது அப்பாவின் வேலைக்கு.

பிரியா அக்கா, 9:20
எங்கள் அலுவலகத்தில் வருகிற விண்ணப்பங்களை நான்தான் முதலில் பார்ப்பேன். மேலே குறிக்கோள் என்று ஒரு பத்தி போடு. "சவால்களை விரும்பி ஏற்கும், குழுவாகப் பணியாற்றும் திறன் கொண்ட" என்று தொடங்கு. ஒரே பக்கத்துக்குள் முடித்துவிடு.

பெரியப்பா, 9:31
ஒரு பக்கம் என்பது சரி. குறிக்கோள் வேண்டாம். நான் மில்லில் மாஸ்டராக இருந்தபோது இப்படி வந்த தாள்களில் அந்தப் பத்தியை ஒருநாளும் படித்ததில்லை. பிட்டர் வேலைக்கு வருகிறவனிடம் தெரிய வேண்டியவை மூன்று: எந்த மெஷின், எத்தனை ஸ்பிண்டில், என்ன கவுண்ட். உன் அப்பா ரிங் ஃபிரேம் பிட்டர். கார்டிங்குக்கும் சிம்ப்ளெக்ஸுக்கும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். "எல்லா வேலையும் தெரியும்" என்றால், எதுவும் உறுதியாகத் தெரியாது என்றுதான் படிக்கிறவன் நினைப்பான்.

கார்த்தி, 9:34
பழைய மில்லில் 24 ஃபிரேம் என்று சொல்வார். ஒவ்வொன்றிலும் 1,008 ஸ்பிண்டில். திருப்பூர் பனியனுக்கு 40 கவுண்ட் கோம்டு நூல் ஓட்டினார்கள்.

பெரியப்பா, 9:36
அதை அப்படியே எழுது. மேலே வர வேண்டிய வரி அதுதான்.

கார்த்தி, 10:05
தேதியில் சிக்கல். அப்பா 1997 முதல் என்று எழுதியிருக்கிறார். பி.எஃப். இணையதளத்தில் 2014க்குப் பிறகு சேர்ந்த மில் மட்டும்தான் தெரிகிறது. டிரங்க் பெட்டியில் பழைய பி.எஃப். சீட்டு கிடைத்தது. அதில் சேர்ந்த ஆண்டு 1998.

பிரியா அக்கா, 10:08
சீட்டில் உள்ளதையே போடு. சரிபார்க்கும்போது ஒரு வருடம் இடித்தால், மீதி எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள்.

பெரியப்பா, 10:14
இரண்டும் சரியாக இருக்கும். ஐ.டி.ஐ. முடித்தவுடன் அவன் அங்கே ஒரு வருடம் அப்ரண்டிஸ். சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். 1997ஐத் தொழிற்பயிற்சி என்று தனி வரியாக எழுது, 1998இலிருந்து வேலை. அந்தச் சான்றிதழும் பெட்டியில் இருக்கும், தேடு. இணையதளத்தில் பழைய கணக்கு தெரியாததும் புதிதல்ல. யு.ஏ.என். எண்ணே 2014இல்தான் வந்தது. பழைய கணக்கைச் சேர்க்காமல் விட்டவர்கள் ஏராளம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைச் சேர்க்கச் சொல்.

கார்த்தி, 10:22
சான்றிதழ் கிடைத்துவிட்டது. அடுத்தது 2012 முதல் 2014 வரை. மின்வெட்டில் மில்லை மூடியபோது அப்பா மினி வேன் ஓட்டினார். அதை எழுதுவதா?

அத்தை, 10:24
வேண்டவே வேண்டாம். மேற்பார்வையாளர் வேலைக்குப் போகிறவர் டிரைவராக இருந்தார் என்று ஏன் தெரிய வேண்டும்?

பிரியா அக்கா, 10:25
இடைவெளியை விட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரே வரியில் எழுதிவிடு.

அத்தை, 10:26
கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லட்டும்.

பெரியப்பா, 10:29
உடம்பு சரியில்லாதவனை ஷிப்ட் வேலைக்கு எவன் எடுப்பான்? அந்த வருடங்களில் கோயம்புத்தூர், திண்டுக்கல் வட்டாரத்தில் மின்சாரம் இல்லாமல் எத்தனை மில் தவித்தது என்பது அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரியும்.

அத்தை, 10:30
எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் இஷ்டம்.

கார்த்தி, 10:52
பெட்டிக்கு அடியில் அப்பாவின் பாக்கெட் டைரி இருந்தது. "7ஆம் ஃபிரேம். அறுப்பு மணிக்கு 62. ஸ்பிண்டில் சென்டரிங், லாப்பெட் சரிசெய்தது, காட்ஸ் பஃபிங். பிறகு 31." இப்படிப் பல பக்கங்கள்.

பிரியா அக்கா, 10:54
இது போதுமே! "நூல் அறுப்பை 50 சதவீதம் குறைத்தவர்" என்று தடித்த எழுத்தில் போடு.

பெரியப்பா, 11:01
அவசரப்படாதே அம்மா. அது ஒரு ஃபிரேமின் கணக்கு. மில் முழுவதும் பாதியானது என்று எழுதினால், எந்த மாதம், யார் எடுத்த ரீடிங் என்று கேட்பார்கள். "ஒரு ஃபிரேமில் 100 ஸ்பிண்டிலுக்கு மணிக்கு 6 என்றிருந்த அறுப்பு, சென்டரிங்குக்கும் காட்ஸ் பஃபிங்குக்கும் பிறகு 3 ஆனது" என்று எழுது கார்த்தி. மில்லில் நூறு ஸ்பிண்டில் கணக்கில்தான் பேசுவார்கள். எப்படிக் குறைத்தான் என்பதும் அதே வரியில் வந்துவிடுகிறது. சென்டரிங் சரியில்லாத ஸ்பிண்டிலில் நூலின் இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும், அங்கேதான் அறுபடும். தெரிந்தவன் படித்தால் மேற்கொண்டு பேசக் கூப்பிடுவான்.

பிரியா அக்கா, 11:03
சரி பெரியப்பா. எங்கள் அலுவலகத்தில் சதவீதம் இல்லாமல் எதுவும் நகராது, அதனால் சொன்னேன்.

கார்த்தி, 11:48
(கோப்பு: Selvaraj_RingFrameFitter.pdf)
சான்றிதழ்களைப் போனில் படம் எடுத்துச் சேர்த்தபோது 6 எம்பி ஆகிவிட்டது. தளத்தில் 1 எம்பிக்கு மேல் ஏறாது. கறுப்பு வெள்ளையாக்கி அளவைக் குறைத்தேன், முத்திரை படிக்கும்படி இருக்கிறது. அப்பா தேநீர் இடைவேளையில் பார்த்துச் சொன்ன பிறகு அனுப்பிவிடுகிறேன்.

அப்பா, 12:34
பார்த்தேன். 24 ஃபிரேம் என்று போட்டிருக்கிறாய். ஷெட்டில் 24. நான் பார்த்தது 12. மீதி 12 இன்னொரு பிட்டர். மாற்று.

பிரியா அக்கா, 12:35
சித்தப்பா, அவர் லீவு போட்ட நாளில் நீங்கள்தானே பார்த்திருப்பீர்கள்?

அப்பா, 12:36
என் லீவில் அவரும் பார்த்தார். அவரும் இதே வேலைக்கு எழுதிப்போட்டிருப்பார். இரண்டு பேரும் 24 என்றால் ஷெட்டில் 48 இருந்திருக்க வேண்டும்.

கார்த்தி, 12:39
12 ஃபிரேம், 12,096 ஸ்பிண்டில். மாற்றிவிட்டேன் அப்பா. வேன் வரி இருக்கட்டுமா?

அப்பா, 12:40
இருக்கட்டும். அந்த இரண்டு வருடம் நீ படித்தது அந்த வேனில்தான். என் அப்பா பெயரை எங்கே காணோம்?

கார்த்தி, 12:41
அது தேவையில்லை என்றார் பெரியப்பா.

அப்பா, 12:41
போடு.

கார்த்தி, 12:47
போட்டு அனுப்பிவிட்டேன். விண்ணப்ப எண் வந்துவிட்டது.

பெரியப்பா, 12:49
செல்வராஜ், தூங்கவில்லை நான். கூப்பிட்டால் கேட்பார்கள், இப்போதே சொல். ஃபிரேம் முழுவதும் நன்றாக ஓடுகிறது, ஒரே இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப அறுகிறது. முதலில் என்ன பார்ப்பாய்?

அப்பா, 12:51
பக்கத்து ஸ்பிண்டிலையும் பார்ப்பேன் அண்ணா. இரண்டிலும் சேர்ந்து அறுந்தால், அந்த ஜோடிக்குப் பொதுவான டாப் ஆர்மின் அழுத்தத்தைச் சந்தேகப்படுவேன். ஒன்றில் மட்டும் என்றால் டிராவலர், லாப்பெட், சென்டரிங்.

பெரியப்பா, 12:52
ஏப்ரனை விட்டுவிட்டாய்.

அப்பா, 12:53
ஏப்ரன் கிழிந்திருந்தால் நடந்துபோகும்போதே கண்ணில் படும் அண்ணா. மணி அடித்துவிட்டது, போகிறேன்.